எழுந்திருக்காமல் எடு

இருபத்தெட்டு வருடமாக ராசிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணங்களில் நான் எடுக்காதது என் கல்யாணம் ஒன்றுதான். அப்படிப்பட்ட எனக்கு, சாரதாமணி அக்காவின் இரண்டாவது மகள் இலக்கியாவின் கல்யாண ஆர்டர் வேறு ஒருவனுக்குப் போய்விட்டது என்பது வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது. குமாரபாளையத்துக் காவிரிக் கரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே குடைக்குள் நிற்கிற படம். மழை இல்லை. ஓரத்தில் யோகேஷ் என்று ஒரு பெயர்.

சாரதாமணி அக்கா என் பெரியம்மா மகள். கூடப் பிறந்த தம்பி அவளுக்கு ஒருவன் இருக்கிறான், தாய்மாமன் முறையெல்லாம் அவனுடையது. எனக்கு முறை என்றால் கேமராதான். பத்து வருடத்துக்கு முன்னால் மூத்தவள் ஜெயப்பிரியாவின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். அக்கா அப்போது தறிக் கொட்டாயில் வழுக்கி விழுந்து தொடை வரை மாவுக்கட்டு போட்டிருந்தாள். அவளால் மேடையேற முடியாததால் ஓடியாடி எல்லா வேலையும் பார்த்தது நான். தாலி கட்டும்போது நேர் எதிரில் நின்று எடுத்தேன் பாருங்கள் ஒரு படம், அது நாலடி உயரத்தில் இன்றைக்கும் என் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த ஆர்டர்கள்தான் பத்து வருடம் எனக்குச் சோறு போட்டன. அந்தக் கையை ஒதுக்குகிறார்கள் என்றால் யாரோ உள்ளே புகுந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

யார் என்று யோசித்தேன். முதலில் அக்காவின் கணவர் பாலசுந்தரம் மாமா. லுங்கி ஏற்றுமதி ஆரம்பித்ததிலிருந்து அவருக்குப் புதுசு என்றால் ஒரு மயக்கம். அடுத்தது ஜெயப்பிரியா. பெங்களூரில் இருக்கிறாள், போஸ் கொடுக்காமல் எடுக்கிற ‘கேண்டிட்’ படம் என்று அடிக்கடி பேசுவாள். கடைசியில் என் மனைவி தமிழ்ச்செல்வி மேலேயே சந்தேகம் வந்தது. பதினைந்து நாளாக அக்காவோடு ஃபோனில் பேசிக்கொண்டே இருந்தாள், நான் வந்தால் சமையலறைக்குள் போய்விடுவாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் அக்காவே கூப்பிட்டாள்.

“ஜீவா, வாரதான?”

“வாரேங்க்கா. சாப்புட்டுப் போறதுக்கு வாரேன்.” குத்தலாகத்தான் சொன்னேன்.

“கேமராவையுங் கொண்டா. ஆனா ஒண்ணு. உக்காந்த எடத்துலிருந்தே எடு. எந்திரிக்காம எடு. உனக்குச் சேர் போட்டு வெக்கச் சொல்லியிருக்கேன்.”

ஃபோனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே நினைத்தேன். ஆர்டர் கிடையாது, ஆனால் கேமரா கொண்டு வர வேண்டும். கேமரா கொண்டு வரலாம், ஆனால் எழுந்திருக்கக் கூடாது. இதில் என்னவோ இருக்கிறது. ஊர் பார்க்க ஓரிடத்தில் உட்கார வைத்து, இவன் இப்போது வெறும் விருந்தாளி என்று காட்டப் பார்க்கிறார்களோ?

சரி, காட்டட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த யோகேஷை விட நல்ல தாலிப் படம் ஒன்று எடுத்து, குடும்ப குரூப்பில் அன்றைக்கே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இதில் வீம்பு மட்டும் இல்லை. தை மாதம் எங்கள் சொந்தத்தில் வேலுசாமி அண்ணன் மகள் தீபிகாவுக்குக் கல்யாணம். யாருக்கு ஆர்டர் என்று கேட்டதற்கு, “இலக்கியா கண்ணாலம் முடியட்டும் ஜீவா, பாத்துச் சொல்றேன்” என்றிருந்தார். இங்கே என் பெயர் விழுந்தால் சொந்தத்தில் அடுத்த வீடும் போகும், அதற்கடுத்த வீடும் போகும். ஐம்பத்திரண்டு வயதில் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்க வேண்டியதுதான்.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. நானும் தமிழ்ச்செல்வியும் ஆறு மணிக்கே மண்டபத்தில் இருந்தோம். வாசலில் ஜெயப்பிரியா சந்தனம் கொடுத்தாள். “வாங்க மாமா, உங்களுக்கு எடம் முன்னாடி இருக்கு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தமிழ்ச்செல்வியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். இவளும் பதிலுக்கு ஆட்டினாள். நான் பார்த்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

முதல் வரிசையில் நடுப் பாதையை ஒட்டிய நாற்காலி எனக்கு. அதற்கு அடுத்த நாற்காலியில் ஒரு துண்டு விரித்து இடம் பிடித்திருந்தார்கள். “இது ஆருக்கு?” என்று கேட்டால், “வருவாங்க” என்று சொல்லிவிட்டுத் தமிழ்ச்செல்வி பின்னால் பெண்கள் பக்கம் போய்விட்டாள். என் பின் இருக்கையில் வேலுசாமி அண்ணன் வந்து உட்கார்ந்தார். நல்ல ஆளைத்தான் நல்ல இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

யோகேஷ் அவனாகவே வந்தான். முப்பது வயது இருக்கும். தாடி, கறுப்புச் சட்டை, தோளின் இரு பக்கமும் இரண்டு கேமரா.

“வணக்கமுங்ண்ணா. நீங்க வாரீங்கன்னு அக்கா சொன்னாங்க.”

“வேறென்ன சொன்னாங்க?”

“நீங்க எடுக்கறத எடுக்கட்டும், ஆனா சேரை உட்டு எந்திரிச்சா மட்டும் என்கிட்டச் சொல்லுன்னாங்க.” சொல்லிவிட்டு அவனே கூச்சப்பட்டான். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா.”

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? காவலே போட்டிருக்கிறாள். காது சூடாகிவிட்டது. ஆனாலும் சிரித்தேன். “கவலப்படாத தம்பி. நானும் தொழில்காரன்தான். உன்ற ஃபிரேமுக்குள்ள என்ற தலை வராது.”

அதை நான் சும்மா சொல்லவில்லை. விருந்தாளியாக வந்து படம் எடுக்கிறவர்களால் இருபத்தெட்டு வருடம் பட்ட பாடு எனக்குத் தெரியும். குடும்பப் படத்துக்கு எல்லோரையும் நிறுத்தி “இங்க பாருங்க” என்று நான் சொல்லும்போது, பக்கத்திலிருந்து ஒரு சித்தப்பா ஃபோனைத் தூக்கி “இங்கியும் பாருங்க” என்பார். பாதிப்பேர் கண் ஒரு பக்கம், பாதிப்பேர் கண் இன்னொரு பக்கம். மாலை மாற்றும்போது ஒருவர் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தட்டுப் போலத் தூக்குவார், பின்னால் இருக்கிற நாலு வரிசைக்கும் அதுதான் கல்யாணம். நான் ஃப்ளாஷ் அடிக்கிற அதே நொடியில் இன்னொருவர் ஃப்ளாஷ் அடித்தால் என் படத்தில் மாப்பிள்ளை முகம் வெளுத்துப் போகும். இவர்களையெல்லாம் எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருப்பேன்.

அதனால் ஒழுங்காக எல்லாவற்றையும் செய்தேன். ஃப்ளாஷைக் கொண்டு வரவே இல்லை. ஃபோகஸ் பிடிக்கும்போது எரிகிற சின்ன விளக்கை அணைத்தேன், பீப் சத்தத்தை நிறுத்தினேன், பின்னால் இருப்பவர்கள் கண்ணில் அடிக்காமல் இருக்கத் திரையை இருட்டாக்கினேன். ஷட்டரைச் சத்தமில்லாமல் வைத்தால் மேடை எல்.இ.டி. விளக்கு படத்தில் கோடு கோடாக விழும். அதற்கு ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கு இறக்கி, சோதனைக்கு இரண்டு படம் எடுத்துக் கோடு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். கேமராவைக் கண்ணுக்கு மேலே தூக்கவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். வீடியோக்காரன் இடது பக்கம் ஸ்டாண்டு போட்டிருந்தான், அவன் கோட்டுக்குள் என் தோள் போகாதபடி உடம்பை வலது பக்கம் சாய்த்துக்கொண்டேன்.

அப்படி உட்கார்ந்து எடுத்தால் வேறு விதமான படம் வருகிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மேடையில் மாப்பிள்ளை முன்னால் ஹோமப் புகை, புகைக்கு இந்தப் பக்கம் நாதஸ்வரக்காரரின் காது, ஓரத்தில் பாலசுந்தரம் மாமா யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டுகிறார். மேடையேறி நின்றால் இதெல்லாம் கண்ணில் படாது. பின்னால் வேலுசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, “அட, நல்லா இருக்குதே” என்றார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அவருக்கும் தெம்பு கூடிவிட்டது போல. ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள்.

“அண்ணா, உக்காருங்க. பின்னாடி மறைக்குதுங்க” என்றேன், பெரிய மனிதனாக. அவர் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கிடையில் யோகேஷைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ சரியில்லை. அவன் ஆட்கள் மூன்று பேர். ஒருவன் மேடையின் இடது மூலையில், ஒருவன் வலது மூலையில் மண்டி போட்டு, யோகேஷ் படிக்கட்டின் ஓரமாக நீள லென்ஸோடு. நடுவில் யாரும் இல்லை. முதல் வரிசைக்கும் மேடைக்கும் இடையில், நேர் எதிரே, எட்டடி இடம் காலியாகக் கிடந்தது. தாலிக்கு அதை விட நல்ல இடம் மண்டபத்திலேயே கிடையாது. எந்த ஃபோட்டோகிராபரும் அதை விடமாட்டான். பசங்களுக்குத் தொழில் தெரியவில்லையா? இல்லை, தெரிந்தே விட்டிருக்கிறார்களா? எனக்கு ஆசை காட்டி எழுப்பி, ஊர் முன்னால் உட்கார வைக்கவா?

பெண்ணை அழைத்து வந்தார்கள். இலக்கியா அரக்குப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். பாலசுந்தரம் மாமாவும் அக்காவும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அட்சதைத் தட்டு வரிசை வரிசையாக வந்தது. நான் ஒரு பிடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், இரண்டு கையும் கேமராவுக்கு வேண்டும்.

அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தாரை வார்த்த ஈரக் கையோடு அக்கா மேடையை விட்டு இறங்கினாள். பெண்ணைப் பெற்றவள், தாலி கட்டப் போகிற நேரத்தில், படியிறங்கி வருகிறாள். மேலேயிருந்து மாமா, “சாரதா, எங்க போற?” என்றார். அவள் திரும்பவில்லை. மண்டபத்தில் சலசலப்பு. “ஏனுங்க, என்னாச்சுங்க?” என்று பின்னால் யாரோ கேட்டார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா நேராக வந்து, துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எந்திரிக்காத” என்றாள். அவ்வளவுதான். முகம் மேடையைப் பார்த்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆளை வைத்துக் காவல் போட்டது போதாதென்று மகள் தாலியைக் கூட விட்டுவிட்டு என்னைக் காவல் காக்க வந்திருக்கிறாள்! அப்படி என்ன கெடுத்துவிட்டேன் இவளுக்கு? என் படம் இவளுக்கு அவ்வளவு ஆகாமல் போய்விட்டதா? மூத்தவள் கல்யாணத்தில் காலொடிந்து கிடந்தவளுக்கு நான் செய்யாததா? கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

கெட்டிமேளம் அடித்தார்கள்.

இருபத்தெட்டு வருடம். எத்தனை ஆயிரம் தாலி என்று கணக்கில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. மூளை சொல்லிக் கால் நகர்வதில்லை, கால்தான் முதலில் போகும். கேமரா கண்ணில் இருந்தது. நான் நின்றிருந்தேன். ஓரடி எடுத்து வைத்திருந்தேன். காலியாகக் கிடந்த அந்த எட்டடி எனக்காகவே கிடந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் விரலில் மஞ்சள் கயிறு, குனிந்த தலை, எல்லாம் அப்படியே சட்டத்துக்குள் வந்து நின்றன. பின்னால் வேலுசாமி அண்ணன் “ஜீவா, மறைக்குது!” என்று கத்தினது கேட்டது, கேட்கவும் இல்லை.

சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். இலேசான இழுப்பு இல்லை, தறியில் பாவு நூல் இழுக்கிற கை. பின்பக்கமாகச் சரிந்து நாற்காலியில் விழுந்தேன். விரல் பட்டனில் இருந்ததால் கேமரா தானாக நாலைந்து படம் எடுத்தது. விதானமும் ஒரு மின்விசிறியும். என் மானம் போயிற்று என்றுதான் முதலில் தோன்றியது. யார் யார் பார்த்தார்கள் என்று திரும்பினேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்சதை மழையாக விழுந்துகொண்டிருந்தது. அக்காவும் வலது கையால் போட்டாள். ஒரே பிடிதான், மேடைவரை போய் விழுந்தது. இடது கை என் சட்டையை விடவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை, இமைக்கவும் இல்லை. அவளுக்கும் இலக்கியாவுக்கும் நடுவில் ஓர் ஆள் கிடையாது. மூலையில் மண்டியிட்டிருந்தவன் மண்டியிட்டபடியே இருந்தான். யோகேஷ் சுவரோடு ஒட்டி நின்று எடுத்தான். அந்த எட்டடியை அவர்கள் ஏன் காலியாக வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

மேளம் அடங்கியது. ஜனங்கள் மேடையை நோக்கி நகர ஆரம்பித்தார்கள். மாமா மேலேயிருந்து கையாட்டிக் கூப்பிட்டார். “வாரேன், ஒரு நிமிசம்” என்று அக்கா சைகை செய்தாள்.

“அக்கா, நான் வேணும்னு எந்திரிக்கல.”

“தெரியும். அன்னிக்குந்தான் நீ வேணும்னு நிக்கல.”

“என்னிக்கு?”

“ஜெயப்பிரியாவுக்குத் தாலி கட்டறப்ப.” அக்கா கோபமாகச் சொல்லவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். “நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்த. வேர்த்து முதுகோட ஒட்டிக் கெடந்துது. காலர்ல தையல் உட்டு ஒரு நூல் தொங்குச்சு. என்ற மூத்த பொண்ணு கண்ணாலத்துல நான் பாத்தது அதுதான் ஜீவா.”

அந்தச் சட்டை எனக்கு ஞாபகமே இல்லை. அந்தப் படத்தில் ஜெயப்பிரியாவின் இமை ஈரம் வரை ஞாபகம் இருக்கிறது, எனக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு தடவை கூட நினைத்ததில்லை.

“கூப்புட்டிருக்கலாமேக்கா.”

“கூப்புட்டேன். மேளத்துல கேக்குமா? எந்திரிக்கலாம்னா கால்ல கட்டு. நகந்து பாத்தேன், நீயும் அந்தப் பக்கமே நகந்த.” இப்போது லேசாகச் சிரித்தாள். “ஆல்பத்துல பாத்துக்கலாம் உடுன்னாங்க எல்லாரும். பாத்தேன். நெம்ப நல்லா எடுத்திருந்த. ஆனா அது நீ பாத்தது.”

“பத்து வருசமா ஏங்க்கா சொல்லல?”

“எப்படிச் சொல்றது? வாரவங்க போறவங்க கிட்டயெல்லாம் அவ்வளவு பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்த. தமிழ்ச்செல்விகிட்ட இப்பத்தான் சொன்னேன். அவ அழுதுபோட்டா.”

ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனது அதற்குத்தானா? நான் அவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. யாருடைய முகத்தையும் பார்க்க முடியாத வெட்கம். ஒவ்வொருவரையும் நான் சந்தேகப்பட்டேன், அவர்கள் சந்தேகப்பட்டது ஒருவனை மட்டும்தான், அதுவும் சரியான ஆளைத்தான்.

“அதுக்குத்தான் ஆர்டரை மாத்துனியா?”

“உன்கிட்டக் குடுத்துப்போட்டு, நடுவுல நிக்காதன்னு சொன்னா நீ நிப்பியா நிக்கமாட்டியா? உனக்கே தெரியாது. வராதன்னோ, கேமராவ உட்டுப்போட்டு வான்னோ சொல்லவும் மனசு வரல. ஊர்ல எந்த மூலையில உக்காந்திருந்தாலும் மேளம் அடிச்சா நீ ஓடியாருவ.” அவள் குரல் தேய்ந்தது. “அன்னிக்கு உன்ற சட்டையப் புடிச்சு இழுக்கலாம்னு கை நீட்டுனேன் சாமி. ஒரு முழம் எட்டல. அதான் இன்னிக்குப் பக்கத்துலயே சேர் போடச் சொன்னேன். மேடையில நின்னா கூட்டத்துல அவ முதுகுதான் தெரியும், நேரா மொகத்தப் பாக்கோணும்னு எறங்கி வந்தேன்.”

மாமா மறுபடியும் கூப்பிட்டார். வேலுசாமி அண்ணன் எங்களைத் தாண்டி மேடைக்குப் போனார். தீபிகா ஆர்டரைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

“இன்னிக்குப் பாத்தியாக்கா?” என்றேன்.

“மூணு முடிச்சையும் பாத்தேன்” என்று சொல்லி, அக்கா என் சட்டையை விட்டாள்.